டிக்கெட் கையில் இருக்கு, அப்புறம் ஏன் வரிசை? மாமல்லபுரம் கிளம்புறவங்களுக்கு ஒரு பாடம்

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தோடு இந்த மாதப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

திருமழிசையில் இருந்து மாமல்லபுரம் போகலாம் என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஊர் திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர், மாமல்லபுரம் பூதத்தாழ்வார் பிறந்த ஊர். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அந்த ஊரைப் பார்க்காம இருக்கலாமாப்பா?" என்பது அவருடைய கேள்வி. சரி என்று முதல் நாள் இரவே போனில் டிக்கெட் எடுத்துவிட்டேன். டிக்கெட்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் காலை எட்டரைக்கு மேல்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். கடற்கரைக் கோயில் வாசலுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றரை. நீளமான வரிசை, தலைக்கு மேல் வெயில். அங்கே நின்றிருந்த காவலரிடம் போய், "சார், நாங்க ஆன்லைன்லயே டிக்கெட் எடுத்துட்டோம், எங்களுக்கும் வரிசையா?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார்: "இது டிக்கெட் இருக்கிறவங்க வரிசைதான் சார். டிக்கெட் இல்லாதவங்க வரிசை அந்தப் பக்கம் இருக்கு."

அம்மாவுக்கு முழங்கால் வலி. கால் மணி நேரம் நின்றார். அதற்கு மேல் முடியாமல் ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கோயிலைப் பார்க்க ஆசைப்பட்டவர் கோபுர உச்சியை மட்டும் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். இதில் யார் மேலும் குறை சொல்வதற்கில்லை. தப்பு என்னுடையதுதான். டிக்கெட் எடுத்தாலே வரிசை போய்விடும் என்று நினைத்துவிட்டேன்.

வரிசை ஒன்றல்ல, இரண்டு

பிரபலமான எந்த நினைவுச்சின்னத்துக்குப் போனாலும் நீங்கள் இரண்டு வரிசையைத் தாண்ட வேண்டும். முதல் வரிசை கவுன்ட்டரில். பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிற இடம் அது. இரண்டாவது வரிசை வாசலில். டிக்கெட்டில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பையைப் பார்த்து, ஆளை உள்ளே விடுகிற இடம். ஆன்லைன் டிக்கெட் முதல் வரிசையை மட்டும்தான் இல்லாமல் ஆக்கும். இரண்டாவது வரிசையில் உங்களைக் காப்பாற்றுவது டிக்கெட் இல்லை, நீங்கள் வந்து சேர்கிற நேரம்.

சில இடங்களில் அந்த நேரத்தையும் டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு நல்ல பழக்கமான உதாரணம் திருமலை. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் எடுத்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து வரிசையில் சேர வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். ஸ்பெயின் நாட்டில் அல்ஹம்ப்ரா என்ற பழைய அரண்மனைக் கோட்டை இருக்கிறது. அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு நுழைவு நேரம் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அரண்மனைகளைப் பார்க்க முடியாது. தாஜ் மகாலில் வேறு மாதிரி. உள்ளே நுழைந்த நேரத்தில் இருந்து மூன்று மணி நேரம் வரைதான் டிக்கெட் செல்லும். வழி எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான். வருகிற கூட்டத்தை நாள் முழுக்கப் பரப்பிவிடுவது.

மாமல்லபுரத்தில் மணிக்கணக்கில் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை. அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது நாளை. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கேட்க வசதியாக இருக்கிறது இல்லையா? ஆனால் எல்லாருக்கும் அதே வசதி இருப்பதால், எல்லாரும் தங்களுக்குத் தோதான பத்து, பதினொரு மணிக்கு ஒன்றாக வந்து நிற்கிறோம். ஆகவே மாமல்லபுரத்தில் நேரத்தை உங்களுக்கு நீங்களேதான் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தின் சாரமே அதுதான். மீதி எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

பத்து நிமிடம் தாமதித்தால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வாசலில் நிமிடத்துக்கு 10 பேரை உள்ளே விட முடிகிறது என்று வையுங்கள். காலையில் நிமிடத்துக்கு 5 பேர்தான் வருகிறார்கள். அப்போது வரிசையே கிடையாது, வந்தவர் நேராக உள்ளே போகலாம். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பிக்கின்றன. இனி நிமிடத்துக்கு 15 பேர். வாசல் விடுவது 10 பேரைத்தான். அப்படியானால் ஒவ்வொரு நிமிடமும் 5 பேர் வெளியே தங்குகிறார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு வருகிறவருக்கு முன்னால் 50 பேர் நிற்பார்கள். அவர் 5 நிமிடம் காத்திருந்தால் போதும். பதினொரு மணிக்கு வருகிறவருக்கு முன்னால் 300 பேர். அவருக்கு அரை மணி நேரம். கவனித்துப் பாருங்கள்: கூட்டம் பெரிதாக ஒன்றும் அதிகமாகவில்லை. வாசல் தாங்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பேருந்துகள் வருவது நின்று, மறுபடி நிமிடத்துக்கு 5 பேர் என்று குறைந்தாலும், நிற்கிற 300 பேர் கரைய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 5 பேர் அளவில்தான் வரிசை சுருங்கும். அதனால்தான் "கூட்டம் குறைஞ்சிருச்சு, ஆனா வரிசை குறையலையே" என்று பன்னிரண்டு மணிக்கும் தோன்றுகிறது. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது. ஒரு மணி நேரம் முந்தி வந்தால் ஒரு மணி நேரம் மிச்சம் என்பது மட்டும் இல்லை, வரிசை என்ற ஒன்றே அவருக்கு இல்லை.

டிக்கெட் எடுப்பது எப்படி?

மாமல்லபுரச் சின்னங்கள் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. இந்தியர்களுக்குக் கவுன்ட்டரில் 40 ரூபாய், ஆன்லைனில் 35 ரூபாய். வெளிநாட்டவருக்குக் கவுன்ட்டரில் 600, ஆன்லைனில் 550. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் வயதுக்குச் சான்றாகப் பள்ளி அடையாள அட்டையோ ஆதார் நகலோ போனில் வைத்திருங்கள். பதினான்கு வயதுப் பையன் உயரமாக இருந்தால் வாசலில் கேள்வி வரும்.

ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் ஆகிய இரண்டு வளாகங்களோடு வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கும் குன்றுப் பகுதியையும் பார்க்கலாம். குன்றுப் பகுதிக்கு 2019 அக்டோபரில்தான் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் போய் வந்தவர்கள் "அங்க சும்மாவே போகலாமே" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும் என்பதால், முதல் இடம் பார்த்ததும் அதை அழித்துவிடாதீர்கள்.

முன்பதிவை முந்தைய நாள் மாலை, வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். வாசலில் நின்றுகொண்டு செய்தால், அதே வேலையை இன்னும் பலர் செய்துகொண்டிருப்பார்கள், சிக்னலும் சுற்றிக்கொண்டே இருக்கும். தேடுபொறியில் "மாமல்லபுரம் டிக்கெட்" என்று தட்டி, மேலே வருகிற முதல் இணைப்பைத் தொட வேண்டாம். மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். உலாவியின் முகவரிப் பட்டையில் asi.paygov.org.in என்று நீங்களே தட்டச்சு செய்யுங்கள். 35 ரூபாய் டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் என்று நூறு, இருநூறு கேட்கிற பக்கம் வந்தால் அது அரசுப் பக்கம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

பக்கத்தில் முதலில் ஊரையும் சின்னத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் மாமல்லபுரம் என்று சொல்கிற நாம் ஆங்கிலத்தில் Mahabalipuram என்று தேடிக் கிடைக்காமல் தவிப்பது உண்டு. ஒன்று இல்லையென்றால் Mamallapuram என்றும் பாருங்கள். அடுத்தது நாள். இங்கேதான் பலர் கைதவறுகிறார்கள். இரவு பதினொன்றரைக்கு எடுக்கும்போது இன்றைய தேதியே முன்னால் காட்டும், அதை மாற்றாமல் விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் டிக்கெட் காலாவதி ஆகிவிடும். முற்பகல், பிற்பகல் என்று கேட்டால் முற்பகல். பிறகு வருகிறவர்கள் விவரம், அடையாள அட்டை எண். எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அந்த அட்டையையே மறுநாள் எடுத்துப் போங்கள். எடுத்த டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். ஆகவே பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் தேதியை இன்னொரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

டிக்கெட் வந்ததும் கோப்பாகச் சேமித்துவிடுங்கள், கியூஆர் குறியீடு முழுசாகத் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். மெயிலில் இருக்கிறது, அங்கே போய்த் திறந்துகொள்ளலாம் என்று விட்டால், வாசலில் இணையம் இல்லாதபோது திறக்காது. குடும்பத்து டிக்கெட் எல்லாம் ஒரே போனில் இருந்தால், அந்தப் போன் வைத்திருப்பவர் வண்டி நிறுத்தப் போய்விட மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். ஆகவே இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது திரை வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் மங்கலான திரையைக் கருவி படிக்காது.

பணம் போச்சு, டிக்கெட் வரலை என்றால்?

இது நடக்கிற விஷயம்தான். உடனே பதறிப்போய் இரண்டாவது தடவை பணம் கட்டாதீர்கள். முதலில் யுபிஐ செயலியில் போய் அந்தப் பரிவர்த்தனை 'வெற்றி' என்று இருக்கிறதா, 'நிலுவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் கொஞ்ச நேரம் பொறுங்கள். அரை மணி கழித்தும் டிக்கெட் வராவிட்டால் அந்தப் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக எடுக்கலாம்.

போன பணம் திரும்புவதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வணிகருக்கு யுபிஐ மூலம் கட்டிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, பெறுபவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் யாருக்கும் போன் செய்து கெஞ்ச வேண்டியதில்லை. முக்கியமாக, இணையத்தில் தேடி எடுத்த 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்குப் பேசி ஓடிபியோ பின் எண்ணோ சொல்லிவிடாதீர்கள். 35 ரூபாயைத் தேடப் போய்க் கணக்கையே காலி செய்துகொண்ட கதையாகிவிடும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

திருமழிசையில் இருந்து ஒரு குடும்பத்தின் காலை

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு முழுசாகத் திட்டமிடுவோம். சிட்கோ பக்கம் குடியிருக்கும் கணவன், மனைவி, 68 வயது அத்தை, 13 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள் இருவர். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியவர்கள் மூவருக்கு ஆன்லைனில் 105 ரூபாய். பிள்ளைகளுக்கு இலவசம். கவுன்ட்டரில் என்றால் 120. மிச்சம் 15 ரூபாய்தான், ஆனால் கவுன்ட்டர் வரிசை மிச்சம்.

பயணம் 70 கிலோமீட்டருக்குள்தான். பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை வந்து வெளிவட்டச் சாலையில் ஏறினால் நேராக வண்டலூர். அங்கிருந்து கேளம்பாக்கம், பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூர், பூஞ்சேரி வழியாக மாமல்லபுரம். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். நாலேகாலுக்கு வண்டியை எடுத்தால் வழியில் ஒரு டீ குடித்துவிட்டும் ஆறு மணியை ஒட்டிப் போய்ச் சேரலாம். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வண்டி நுழைவு, நிறுத்தக் கட்டணம் தனி. நீங்கள் எடுத்த டிக்கெட்டில் அது சேராது என்பதால் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

முதலில் கடற்கரைக் கோயில். இதன் பெரிய கருவறை கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. ஜனவரியில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு எழும். ஆறேகாலுக்குள் உள்ளே இருந்தால் முதல் வெளிச்சம் கல்லின் மேல் விழுவதைப் பார்க்கலாம். பதினொன்றரைக்கு நான் பார்த்த கோயிலும் இதுவும் வேறு வேறு. அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கவும் இடம் இருக்கும்.

ஏழேகாலுக்குக் கிளம்பி ஐந்து ரதங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அத்தைக்காக வண்டியிலேயே போங்கள். இதை ஏன் இரண்டாவதாக வைக்கிறோம் என்றால், வளாகம் சின்னது, நிழலும் இல்லை. நூறு பேர் உள்ளே வந்தாலே ரதங்களுக்கு இடையே நிற்க இடம் இருக்காது. திறந்த வெளி மணல் வெயிலில் சுடும். ஆகவே இதை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நிதானமாகக் காலைச் சாப்பாடு.

ஒன்பதரைக்குக் குன்றுப் பகுதி. கூட்டம் வரத் தொடங்கும் நேரம்தான், ஆனால் இங்கே அது உறைக்காது. இடம் பெரியது, மண்டபங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, மர நிழல் இருக்கிறது. வராக மண்டபத்தில் கூட்டம் என்றால் வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் போய்விட்டு வரலாம். பிள்ளைகள் ஓடவும் இடம். அத்தைக்கு மேலே ஏற முடியாது என்றால், அர்ச்சுனன் தபசு சாலையை ஒட்டியே இருக்கிறது. அதுவும் கிழக்கு முகம்தான், முற்பகல் வெளிச்சத்தில் உருவங்கள் துலக்கமாகத் தெரியும். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. நான் அம்மாவோடு போய்ச் சேர்ந்த நேரத்தில் இந்தக் குடும்பம் வீடு திரும்பிக்கொண்டிருக்கும்.

ஆக, வரிசைப்படுத்தும் விதி இதுதான்: வாசல் நெருக்கமான, நிழல் இல்லாத இடங்கள் முதலில். பரந்த, நிழல் உள்ள இடம் கடைசியில்.

ஆறு மணிக்குப் போக முடியாதவர்களுக்கு

எல்லாரிடமும் கார் இல்லை. பேருந்தில் போகிறவர்கள் பூந்தமல்லியில் 66 பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து 515 பிடித்தால் மாமல்லபுரம் போகலாம். சென்னை பஸ் செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு வீட்டில் இருந்து இறங்குங்கள். இப்படிப் போனால் ஆறு மணிக்குச் சேர முடியாது, எட்டரையைக் குறி வைக்கலாம். வார நாளில் அந்த நேரமே போதும். வாரக் கடைசி என்றால் ஐந்து ரதங்களை முதலில் முடித்து, பிறகு கடற்கரைக் கோயில்.

பத்து மணிக்கு மேல்தான் போய்ச் சேர்கிறீர்களா? அப்போது திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். குன்றுப் பகுதியையும் அதன் நிழலையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மூன்றரைக்கு மேல் ஐந்து ரதங்கள். அங்குள்ள பெரும்பாலான ரதங்கள் மேற்கு முகம் என்பதால் மாலை வெயிலில் நன்றாக இருக்கும். நாலரைக்குள் கடற்கரைக் கோயில் வாசலைத் தொட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு மூடுகிறார்கள் என்பதற்காக ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்கக் கூடாது.

வரிசையில் நிற்பதா, வேறு இடம் போவதா என்று வாசலில் முடிவெடுக்கவும் ஒரு எளிய வழி உண்டு. போனில் ஒரு நிமிடம் நேரம் வைத்து, வாசல் வழியாக எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர்களை அந்த எண்ணால் வகுங்கள். 120 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 10 பேர் போகிறார்கள் என்றால் 12 நிமிடம். தாராளமாக நிற்கலாம். கணக்கு 20 நிமிடத்துக்கு மேல் போனால், கூடவே வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், குன்றுப் பகுதிக்குப் போய்விட்டு அப்புறம் வாருங்கள். எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று டிக்கெட்டில் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு வளாகத்துக்குள் போய் வெளியே வந்துவிட்டால், அதே வளாகத்துக்குள் மறுபடி விடுவார்கள் என்று எண்ணாதீர்கள். தண்ணீர், மாத்திரை, தொப்பி எல்லாம் உள்ளே போகும் முன்பே கையில் இருக்கட்டும்.

எந்தத் திட்டமும் பலிக்காத நாட்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. காணும் பொங்கல் அன்று மாமல்லபுரத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அன்றைக்கு வாசலில் மட்டும் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வரிசைதான். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்திலும், நவம்பர் 19-இல் உலகப் பாரம்பரிய வாரம் தொடங்கும் நாளிலும் பல ஆண்டுகளாக இலவச நுழைவு தருகிறார்கள். 35 ரூபாய் மிச்சம் என்று கிளம்பினால் அதே எண்ணத்தோடு வருகிற எல்லாரோடும் சேர்ந்து நிற்க வேண்டி வரும். வயதானவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், விடுமுறை இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ போதும். தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது போல மாமல்லபுரத்துக்கு வார விடுமுறை கிடையாது.

அம்மாவை மறுபடி கூட்டிப் போனோம். பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை. ஆறு பத்துக்கு வாசலில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அம்மா கடற்கரைக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மதிலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "ஏம்பா, அன்னிக்கும் இதே டிக்கெட்டுதானே எடுத்தே?"

அதே டிக்கெட்தான். நேரம்தான் வேறு.